மாதம் 4,000 டாலர்: இன்வாய்ஸ் யார் பெயரில்?

கோவையிலோ திருநெல்வேலியிலோ வீட்டில் உட்கார்ந்தபடி அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு வரும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மாதம் 4,000 டாலர், ஒரு வருட ஒப்பந்தம், வரும் திங்கட்கிழமையே சேரலாம். கடைசியில் ஒரு வரி: நீங்கள் கான்ட்ராக்டர், மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்புங்கள், வரியை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தொகையைப் படித்த சந்தோஷத்தில் அந்தக் கடைசி வரியில் யாரும் அதிகம் நிற்பதில்லை. ஆனால் கையில் எவ்வளவு நிற்கும் என்பதை முடிவு செய்வது அந்த வரிதான்.

இதை எழுதியவர் ரெக்ரூட்டர். ஆளைத் தேடிப் பிடித்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவதோடு அவர் வேலை முடிந்துவிடும். பணம் போடுவது வேறொரு ஊரில் இருக்கும் கணக்குப் பிரிவு. அந்தப் பிரிவுக்கு உங்கள் முகம் தெரியாது. இந்திய ஜிஎஸ்டியும் தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. ஆகவே ரெக்ரூட்டரிடம் தொலைபேசியில் கேட்டு, "அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதில் பயனில்லை. அவர் அப்படியே கணக்குப் பிரிவுக்குத் தட்டிவிடக்கூடிய ஒரு கடிதத்தை, கையெழுத்துக்கு முன்பே எழுதிவிடுவதுதான் காரியம். கையெழுத்து விழும்வரை ரெக்ரூட்டருக்கு உங்கள் பதில் அவசரம். விழுந்த பிறகு அந்த அவசரம் உங்களுக்கு மட்டும்தான்.

அந்தக் கடிதத்தில் முதலில் கேட்க வேண்டியது, இன்வாய்ஸை யார் பெயருக்கு எழுதுவது என்பது. சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்வியில்தான் பெரிய தொகை அடங்கியிருக்கிறது. வேலை டெக்சாஸ் நிறுவனத்துக்கு, நேர்காணல் செய்தவர்களும் அங்கேயே இருப்பவர்கள். ஆனால் ஒப்பந்தத்தைத் திறந்து பார்த்தால் எதிர்த்தரப்பாக ரெக்ரூட்டர் ஏஜென்சியின் பெங்களூர் கிளை நிறுவனம் இருக்கலாம். அப்படி நடப்பது அபூர்வமல்ல.

கணக்குக்கு எளிதாக டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4,000 டாலர் என்றால் மாதம் 3,60,000 ரூபாய், வருடத்துக்கு 43,20,000. சேவை தருபவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும் வரம்பு வருடத்துக்கு 20 லட்சம். ஏற்றுமதி வருமானமும் அந்த வரம்பில் சேரும். ஏப்ரலில் ஆரம்பித்தால் ஆறாவது இன்வாய்ஸிலேயே வரம்பு தாண்டிவிடும். ஆக, பதிவு செய்தாக வேண்டிய ஆள்தான் இவர்.

இன்வாய்ஸ் டெக்சாஸ் நிறுவனத்தின் பெயரில் போய், பணம் டாலரில் வந்தால் அது சேவை ஏற்றுமதி. அதற்கு வரி விகிதம் பூஜ்யம். அதே வேலைக்கு இன்வாய்ஸ் பெங்களூர் நிறுவனத்தின் பெயரில் போய், பணம் ரூபாயில் வந்தால் அது உள்நாட்டு வியாபாரம். 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதைத் தொகைக்கு மேல் தனியாகத் தருகிறார்களா என்பது அடுத்த கேள்வி. "எல்லாம் சேர்த்து 3,60,000" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், அதை 1.18-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். உங்களுடையது 3,05,085 ரூபாய். மீதி 54,915 ரூபாய் மாதாமாதம் ஜிஎஸ்டியாகப் போய்விடும். அதன் மேல் அந்த நிறுவனம் டிடிஎஸ் பிடிக்கும். தொழில்முறைச் சேவை என்று கொண்டால் 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்றால் 2 சதவீதம். டிடிஎஸ் உங்கள் வருமான வரியில் கழிந்துவிடும், அது நஷ்டமல்ல. ஜிஎஸ்டியாகப் போனது போனதுதான்.

பெங்களூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதில் தவறு எதுவும் இல்லை. உள்ளூர் வங்கியில் பணம் சுலபமாக வந்து சேரும், தகராறு வந்தால் இங்கேயே கேட்கலாம். ஆனால் அது வேறு பேரம், அதற்கு வேறு தொகை பேச வேண்டும்.

அடுத்தது அமெரிக்க வரி. டெக்சாஸ் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு இங்கே ஒரு பயம் உண்டு, அந்தப் பயம் நியாயமானதும்கூட. அமெரிக்கர் அல்லாதவருக்கு, அமெரிக்காவில் உருவான வருமானம் கொடுத்தால் 30 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டியது பணம் கொடுப்பவரின் பொறுப்பு. பிடிக்காமல் விட்டால் அந்த வரி அவர்கள் தலையில் விழும். ஆனால் உழைப்புக்கான கூலி எங்கே உருவானது என்பதை அந்த நாட்டுச் சட்டம், வேலை செய்யப்பட்ட இடத்தை வைத்துத்தான் பார்க்கிறது. பணம் கொடுப்பவர் இருக்கும் இடத்தை வைத்து அல்ல. கோவையில் உட்கார்ந்து செய்த வேலைக்கான பணம் இந்தியாவில் உருவான வருமானம். அதில் 30 சதவீதம் பிடிக்க இடமில்லை.

இதை அவர்களுக்குக் காகிதத்தில் காட்டுவது W-8BEN என்ற படிவம். நான் அமெரிக்கன் அல்ல என்று தனிநபர் கொடுக்கும் சான்று அது. எல்எல்பி அல்லது கம்பெனி வைத்திருந்தால் W-8BEN-E. படிவத்தை அமெரிக்க வரித்துறைக்கு அனுப்ப வேண்டியதில்லை. பணம் கொடுப்பவரிடம் கொடுத்தால் போதும், அவர்கள் கோப்பில் வைத்துக்கொள்வார்கள். அமெரிக்க வரி எண் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதற்கடுத்து வெளிநாட்டு வரி எண் கேட்கும் 6a கட்டத்தில் உங்கள் பான் எண்ணை எழுத வேண்டும். 2026-இல் கையெழுத்திட்டது, விவரங்கள் மாறாதவரை, 2029 டிசம்பர் 31 வரை செல்லும்.

தவறு நடக்கும் இடம் வேறு. புதிதாகச் சேருபவர்களுக்கு நிறுவனம் அனுப்பும் இணைய இணைப்பு பெரும்பாலும் உள்நாட்டு ஆட்களுக்காகச் செய்யப்பட்டது. அதில் W-9 என்ற படிவம் வந்து நிற்கும். சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கும். அது இல்லாமல் அடுத்த பக்கம் போக விடாது. ஏதோ ஒரு எண்ணைத் தட்டி முன்னேறிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். W-9 என்பது "நான் அமெரிக்க வரிச் சட்டப்படி அமெரிக்கர்" என்று, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதியோடு கையெழுத்திடும் படிவம். அந்தப் பக்கம் வந்தால் மூடிவிட்டு ரெக்ரூட்டருக்கு எழுதுவதே சரி.

30 சதவீதம் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? 4,000 டாலரில் 1,200 போய் 2,800 வரும். அதைத் திரும்பப் பெற அமெரிக்க வரி எண் வாங்கி, 1040-NR என்ற அவர்கள் ரிட்டர்னைத் தாக்கல் செய்து காத்திருக்க வேண்டும். பிடிக்கவே கூடாத வரி என்பதால் இந்தியாவில் கட்டும் வரியில் அதைக் கழித்துக் கேட்பதும் சிக்கல். பிடித்த பிறகு போராடுவதைவிட, முதல் இன்வாய்ஸோடு படிவத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. ஒரு எச்சரிக்கை: நடுவில் இரண்டு வாரம் டெக்சாஸ் அலுவலகத்துக்கு வந்து வேலை பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டால், அந்த இரண்டு வாரக் கூலிக்கு இந்த வாதம் பொருந்தாது. எந்த விசாவில் போவது என்ற கேள்வியும் கூடவே வரும்.

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும், அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதிப் பார்ப்போம். பெயர் சொல்லி விளித்து, வாய்ப்புக்கு ஒரு வரியில் நன்றி சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடலாம்.

"மாதம் 4,000 டாலருக்கு ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்திடுவதற்கு முன் கீழே உள்ள விவரங்களை உங்கள் கணக்குப் பிரிவிடம் கேட்டு எழுத்தில் உறுதி செய்தால் உதவியாக இருக்கும். இந்த மின்னஞ்சலை அவர்களுக்கு அப்படியே அனுப்பலாம்.

ஒப்பந்தமும் இன்வாய்ஸும் எந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும்? அதன் முழுச் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் வேண்டும். அது இந்தியாவில் பதிவான நிறுவனமாக இருந்தால், ஜிஎஸ்டி மேற்சொன்ன தொகைக்கு மேல் தனியாக வரும் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

நான் இந்தியாவில் வசிப்பவன். வேலை முழுவதும் இந்தியாவிலிருந்தே நடக்கும். இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். W-8BEN படிவத்தைக் கையெழுத்திட்டு இணைத்திருக்கிறேன். W-9 எனக்குப் பொருந்தாது. அமெரிக்க வரி எதுவும் பிடித்தம் செய்யப்படாது என்பதை உறுதி செய்யவும். இந்திய வரிகளை நானே கட்டிவிடுவேன்.

இன்வாய்ஸ் டாலரில் இருக்கும். பணம் டாலராகவே என் இந்திய வங்கிக்கு வர வேண்டும். அனுப்பும் செலவு உங்கள் பொறுப்பு என்றும், இன்வாய்ஸ் தொகை முழுவதும் வந்து சேர வேண்டும் என்றும் எடுத்துக்கொள்ளலாமா?

பணம் எத்தனை நாளில் வரும், அந்த நாள் எதிலிருந்து எண்ணப்படும்: இன்வாய்ஸ் தேதியிலிருந்தா, டைம்ஷீட்டுக்கு ஒப்புதல் கிடைத்த தேதியிலிருந்தா? வாடிக்கையாளர் உங்களுக்குப் பணம் தந்த பிறகுதான் எனக்கு வரும் என்ற நிபந்தனை உண்டா?"

இவ்வளவுதான். 44ADA, எல்யூடி என்று இந்தியச் சட்டப் பெயர்கள் எதுவும் இதில் இல்லை. அவை நம் பாடு. அவற்றைச் சொன்னால் கணக்குப் பிரிவு குழம்பிப்போய் கடிதத்தைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளும், இரண்டு வாரம் போய்விடும். வரி பற்றி அவர்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் தலையில் எதுவும் விழாது. அதைப் படிவத்தோடு சொல்லியாயிற்று.

கடைசிக் கேள்வியைச் சிலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஏப்ரல் மாத வேலைக்கு ஏப்ரல் 30 அன்று இன்வாய்ஸ் போகிறது. டைம்ஷீட் ஒப்புதல் மே 7. ஒப்பந்தத்தில் "நெட் 45" என்று இருக்கிறது, எண்ணிக்கை ஒப்புதல் தேதியிலிருந்து. பணம் வர வேண்டிய நாள் ஜூன் 21. ஏப்ரல் முதல் தேதி வேலைக்குச் சேர்ந்தவர் ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் கைப்பணத்தில் ஓட்ட வேண்டும். அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். ஏஜென்சிக்கு வாடிக்கையாளர் பணம் தந்த பிறகுதான் உங்களுக்கு என்ற நிபந்தனையும் இருந்தால், அந்தத் தேதிக்குக்கூடப் பிடிமானம் இல்லை.

அனுப்பும் செலவும் அப்படித்தான். அமெரிக்க வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக வரும் பணம் நேராக இங்கே வந்துவிடுவதில்லை. நடுவில் ஒன்றோ இரண்டோ வங்கிகள் கை மாற்றும், ஒவ்வொன்றும் ஏதாவது எடுத்துக்கொள்ளும். அனுப்பும்போது மூன்று குறிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். OUR என்றால் செலவு முழுவதும் அனுப்புபவருக்கு, SHA என்றால் ஆளுக்குப் பாதி என்கிற மாதிரி, BEN என்றால் எல்லாம் பெறுபவருக்கு. 4,000 அனுப்பினார்கள், 3,975 வந்தது என்றால் இந்த நடுவழிக் கழிவுதான் காரணம். கடிதத்தில் "இன்வாய்ஸ் தொகை முழுவதும்" என்று கேட்பது இதற்காகத்தான். இதைவிடப் பெரியது கண்ணில் படாமல் போகும்: டாலரை ரூபாயாக்கும்போது வங்கி வைக்கும் விகிதம். சந்தையில் 90 ரூபாய் இருக்கும்போது உங்களுக்கு 89 போட்டால், அந்த ஒரே மாதத்தில் ஏறக்குறைய 4,000 ரூபாய். இதை ரெக்ரூட்டரிடம் கேட்டுப் பயனில்லை. உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவிடம்தான் பேரம் பேச வேண்டும். பேசினால் பல கிளைகளில் இறங்கி வருகிறார்கள்.

இனி நம் பக்கம். ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி பூஜ்யம் என்றாலும், அந்தப் பூஜ்யம் தானாகக் கிடைக்காது. எல்யூடி என்று ஆடிட்டர்கள் சொல்லும் உறுதிமொழிக் கடிதத்தை ஜிஎஸ்டி இணையதளத்தில் RFD-11 படிவமாகத் தாக்கல் செய்ய வேண்டும். கட்டணம் இல்லை, சில நிமிட வேலை. ஆனால் அது நிதியாண்டு முடிவோடு காலாவதியாகும். ஏப்ரலில் புதுப்பிக்க மறந்துவிட்டு அந்த மாத இன்வாய்ஸை அனுப்பிவிடுவதுதான் வழக்கமான தவறு. எல்யூடி இல்லையென்றால் 18 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும் என்பது விதி. இன்வாய்ஸ் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் பணம் வந்து சேர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. வராவிட்டால் வரியும் வட்டியும் கேட்பார்கள். பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரால் இந்த வகையிலும் கேடு உண்டு.

இன்வாய்ஸில் உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், நிதியாண்டில் திரும்ப வராத வரிசை எண், தேதி, டெக்சாஸ் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், சேவைக்கான எஸ்ஏசி குறியீடு, டாலர் தொகை ஆகியவை இருக்க வேண்டும். மென்பொருள் உருவாக்கத்துக்குப் பொதுவாகப் பயன்படும் குறியீடு 998314. இது எல்யூடியின் பேரில் வரி செலுத்தாமல் செய்யும் ஏற்றுமதி என்று விதி சொல்லும் வாசகத்தையும் அடியில் போட வேண்டும். கூடவே "சேவை முழுவதும் இந்தியாவிலிருந்து" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், அமெரிக்கக் கணக்குப் பிரிவுக்கும் அது ஒவ்வொரு மாதமும் நினைவூட்டும்.

வருமான வரியில் வெளிநாட்டு வாடிக்கையாளர் டிடிஎஸ் எதுவும் பிடிப்பதில்லை. மாதச் சம்பளக்காரராக இருந்து இதற்கு மாறியவர்களுக்கு இதுதான் புதிது. கணக்கில் 3,60,000 முழுதாக விழும்போது அத்தனையும் நமதென்று தோன்றும். பழைய சட்டத்தில் 44ADA என்று பழகிய பிரிவு இங்கே கை கொடுக்கும். 2026 ஏப்ரல் முதல் அமலுக்கு வரும் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஏற்பாடு தொடர்கிறது. குறிப்பிட்ட தொழில்களில் இருப்பவர், ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மேற்படாமல் இருந்தால், 75 லட்சம் வரையிலான வரவில் பாதியை லாபம் என்று காட்டலாம். செலவுக்கு ரசீது சேர்க்க வேண்டியதில்லை. உங்கள் வேலை அந்தத் தொழில் பட்டியலுக்குள் வருகிறதா என்பதை மட்டும் ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் 43,20,000-இல் பாதி 21,60,000. 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறைப்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 20 லட்சம் வரை படிப்படியாக ஏறி 2,00,000 ரூபாய். மிஞ்சிய 1,60,000-க்கு 25 சதவீதம், 40,000. ஆக 2,40,000, அதன் மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 2,49,600 ரூபாய். இந்த ஏற்பாட்டில் இருப்பவர்கள் முன்வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டினால் போதும். சலுகைதான். ஆனால் வருடம் முழுக்கச் செலவழித்துவிட்டு மார்ச்சில் இரண்டரை லட்சத்துக்கு அலைபவர்களும் இதனால்தான் உண்டாகிறார்கள். ஒவ்வொரு மாதமும் 21,000 ரூபாயைத் தனிக் கணக்கில் ஒதுக்கினால் சரியாக இருக்கும். தவறினால் வட்டி.

ரெக்ரூட்டரின் பதில் "ஸ்டாண்டர்டு பிராசஸ்தான்" என்று ஒரு வரியில் வந்தால், அது பதில் அல்ல. மற்றதெல்லாம் பிறகு என்று விட்டாலும், எதிர்த்தரப்பின் பெயர், பிடித்தம் இல்லை என்ற உறுதி, பணம் வரும் நாள் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் அச்சாகி வரும்வரை மீண்டும் கேட்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இப்படிக் கேட்பவரை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

முதல் பணம் வந்ததும் பார்க்க வேண்டியது குறுஞ்செய்தியில் வரும் தொகையை மட்டுமல்ல. வங்கியிடம் எஃப்ஐஆர்ஏ என்ற வரவு அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். சில வங்கிகள் கேட்டால்தான் தரும். அதில் அனுப்பியவர் பெயர் இன்வாய்ஸில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா, பணம் டாலரில் வந்ததாக இருக்கிறதா, நோக்கக் குறியீடு என்ன என்று பாருங்கள். மென்பொருள் ஆலோசனைக்கு P0802 என்ற குறியீடு உண்டு. அதற்குப் பதில் P1301 என்று இருந்தால், வெளிநாட்டு உறவினர் குடும்பச் செலவுக்கு அனுப்பிய பணம் என்று வங்கி பதிவு செய்திருக்கிறது. தனிநபர் சேமிப்புக் கணக்குக்கு வரும் பணத்தில் இது எளிதில் நடக்கும். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஏற்றுமதி என்று ஜிஎஸ்டி அதிகாரியிடம் சொல்ல முடியாது. இன்வாய்ஸையும் ஒப்பந்தத்தையும் இணைத்து, குறியீட்டைத் திருத்தித் தரக் கேட்டு அந்த வாரமே கிளைக்கு எழுதிவிட வேண்டும்.